வீட்டுக் கடனில் டாப்-அப் கேட்கும்போது: கட்டிய கணக்கை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுப்பது எப்படி?

2025 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் கையில் ஒரு தாளோடு வந்தார். வங்கிக்குக் கொடுக்க அவரே எழுதிய கடிதம். "2019-இல் வீட்டுக் கடன் வாங்கினேன். ஒரு மாதம் கூடத் தவறாமல் தவணை கட்டி வருகிறேன். வீடு பழுதாகிவிட்டதால் டாப்-அப் கடனாக 5 லட்சம் தந்து உதவவும்." அவ்வளவுதான். டாப்-அப் என்றால், ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக் கடனின் மேல் அதே வங்கியில் வாங்கும் கூடுதல் கடன்.

"இது போதும்தானே சார்?" என்றார்.

நான் வங்கியில் கடன் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து எழுந்தவன். இந்தக் கடிதம் மேசைக்கு வந்தால் என்ன நடக்கும் என்று தெரியும். அதிகாரி இரண்டாவது வரியைப் படித்ததும் கணினியில் கணக்கைத் திறப்பார். "தவறாமல்" என்ற சொல் உண்மையா என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். உண்மை இல்லையென்றால் மீதிக் கடிதத்தை அவர் வேறு கண்ணோடுதான் படிப்பார்.

தம்பியின் கணக்கைத் திறந்து பார்த்தால் அந்தச் சொல் நிற்காது. அவர் பொய் சொல்லவில்லை, மறந்துவிட்டார். அந்தக் கடிதத்தை நாங்கள் திருத்தி எழுதிய விதத்தையே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

வீட்டுக்கு என்ன ஆயிற்று

கடலூரில் தென்பெண்ணைக் கரையை ஒட்டிய பகுதியில் வீடு. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு மூன்று நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து ஆறு பெருகி ஊருக்குள் வந்தது. வீட்டுக்குள் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர். சுவரில் அந்தக் கோடு இன்னமும் இருக்கிறது. கீழ்ப்பூச்சு உப்பிப் பொருமிவிட்டது, சுவிட்ச் பாக்ஸ்கள் போய்விட்டன.

கூரையின் கதை வேறு, அது பழைய நோய். கடற்காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கி உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பிடித்தால் கம்பி பருக்கும், பருத்தால் மேலே மூடியிருக்கும் காரையைப் பிளந்து தள்ளும். சீலிங்கில் பழுப்பு நிறத்தில் நேர்க்கோடு தெரிந்தாலோ, சுத்தியலால் தட்டினால் 'டொக்கு டொக்கு' என்று காலிச் சத்தம் வந்தாலோ உள்ளே வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மொட்டைமாடியில் பதித்த தட்டோடு வெடித்து மழைநீர் இறங்கினால் இன்னும் வேகமாகும். வெறும் பெயிண்ட் அடித்து மறைத்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

இந்த விவரமெல்லாம் கடிதத்தில் ஒரு வரியாவது வர வேண்டும். 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, டாப்-அப் கடன்களில் சில வங்கிகள் பணம் எங்கே போகிறது என்று சரியாகப் பார்ப்பதில்லை என்று வெளிப்படையாகவே சொன்னது. அதற்குப் பிறகு கிளைகள் "எதற்கு?" என்ற கேள்வியை அழுத்திக் கேட்கின்றன. ஆக, வங்கிக்கு நாம் இரண்டு விஷயங்களைக் காட்ட வேண்டும்: இதுவரை எப்படிக் கட்டினோம், இந்தப் பணம் எதில் போகும்.

முதலில் ஸ்டேட்மென்ட், நினைவு அல்ல

கிளையில் கேட்க வேண்டியது 'லோன் அக்கவுண்ட் ஸ்டேட்மென்ட்', கடன் தொடங்கிய நாளிலிருந்து இன்று வரை. சேமிப்புக் கணக்கின் பாஸ்புக் போதாது. அதில் தவணை போனது மட்டும் தெரியும், அது வட்டிக்கு எவ்வளவு, அசலுக்கு எவ்வளவு என்று தெரியாது. நெட்பேங்கிங் இருந்தால் பெரும்பாலும் அங்கேயே பிடிஎஃப் ஆக எடுத்துக்கொள்ளலாம். வருஷா வருஷம் வரி கணக்குக்குத் தரும் வட்டிச் சான்றிதழ்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிப் பார்த்து ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க அவை உதவும்.

தம்பியின் கடன் 15 லட்சம், 20 வருஷம், தவணை 13,017 ரூபாய். முதல் தவணை 2019 ஏப்ரல். 2025 மார்ச் வரை கணக்குப்படி 72 மாதம். ஸ்டேட்மென்ட்டில் நாங்கள் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே போனோம். 69 தவணைதான் இருந்தது.

"மூணு மாசம் எங்க போச்சு?" என்று அவரே பதறிவிட்டார். 2020 மார்ச், ஏப்ரல், மே. கொரோனா சமயத்தில் ரிசர்வ் வங்கி தந்த மொரட்டோரியம், அதாவது தவணையைத் தள்ளிவைக்கும் சலுகை. முதலில் மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் வரை நீட்டினார்கள். தம்பி முதல் மூன்று மாதம் மட்டும் எடுத்துக்கொண்டார். இது தவறிய தவணை ஆகாது. கடன் தகவல் நிறுவனங்களிடமும் தவறியதாகக் காட்டக் கூடாது என்றுதான் அப்போது உத்தரவு. ஆனால் அந்த மூன்று மாத வட்டி கடனில் ஏறியது, கடன் முடியும் நாளும் தள்ளிப்போனது. கடிதத்தில் இதை நாமே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் 72-க்கும் 69-க்கும் இடையே நிற்கும் ஓட்டையை அதிகாரி தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வார்.

இன்னொன்று 2024 டிசம்பர். 5-ஆம் தேதித் தவணை திரும்பிவிட்டது. வெள்ளத்தில் கம்பெனி மூடிக் கிடந்து சம்பளம் தள்ளிப்போனதால் கணக்கில் பணம் இல்லை. 19-ஆம் தேதி அபராதத்தோடு கட்டிவிட்டார். 14 நாள் தாமதம்.

மூன்று எண்கள்

ஸ்டேட்மென்ட்டிலிருந்து கடிதத்துக்கு எடுக்க வேண்டியவை மூன்றே எண்கள்: மொத்தம் கட்டியது, அதில் அசலுக்குப் போனது, இன்று நிற்கும் பாக்கி.

தம்பி கட்டியது 69 தவணை, 8,98,173 ரூபாய். பாக்கி 12,90,660 ரூபாய். அப்படியென்றால் அசலில் குறைந்தது 2,09,340 மட்டும், மீதி 6,88,833 வட்டி. இதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. ஆறு வருஷம் கட்டியும் இவ்வளவுதானா? ஆமாம், நீண்ட காலக் கடனில் ஆரம்ப வருஷங்கள் அப்படித்தான். அசலில் நிறையக் கழிந்திருக்கும் என்ற நினைப்பில் பெரிய தொகை கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இந்த எண்ணை முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறேன்.

நான்காவதாக ஒன்றை நமக்காகப் பார்த்து வைக்க வேண்டும்: இன்னும் எத்தனை தவணை மீதி. 240-இல் 72 போக 168 என்று தம்பி நினைத்திருந்தார். வங்கிக் கணக்கில் 177 காட்டியது. மொரட்டோரியம் ஒரு காரணம். 2022 மே மாதத்திலிருந்து வட்டி ஏறியபோது தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டியது இன்னொன்று. டாப்-அப் கடனின் காலம் வழக்கமாக மூலக் கடனின் மீதிக் காலத்தையோ ஓய்வு பெறும் வயதையோ தாண்டாது. வயது கூடியவர்களுக்கு இது இடிக்கும்.

சிபில் அறிக்கையை நாமே முன்னால் பார்ப்பது

சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை எடுத்து, வீட்டுக் கடனுக்கான பகுதியில் மாதந்தோறும் எத்தனை நாள் தாமதம் என்று காட்டும் கட்டங்களைப் பாருங்கள். '000' அல்லது 'STD' என்று இருந்தால் நல்லது. 2020-இன் அந்த மூன்று மாதத்தில் எண் ஏதாவது ஏறியிருந்தால் முதலில் அதைத் திருத்தச் சொல்லி வங்கிக்கும் நிறுவனத்துக்கும் எழுதுங்கள், அப்புறம் டாப்-அப் கேளுங்கள். கேட்ட பிறகு திருத்தம் தேடினால் விண்ணப்பம் கிடப்பில் விழும்.

தம்பிக்கு அது சுத்தமாக இருந்தது. ஆனால் பைக் கடன் ஒன்று, மாதம் 3,200 ரூபாய், கடிதத்தில் எழுதவே மறந்திருந்தார். அதுவும் அறிக்கையில் தெரியத்தானே செய்யும்.

எவ்வளவு கேட்பது

முதல் கடிதத்தில் 5 லட்சம் என்று இருந்ததே, எங்கிருந்து வந்தது என்றால் "ரவுண்டா போட்டேன் சார்" என்றார். ரவுண்டு எண்ணை வங்கி நம்பாது. உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்து எஸ்டிமேட் வாங்கினோம். மொட்டைமாடி 900 சதுர அடியில் பழைய தட்டோட்டை எடுத்து நீர்த்தடுப்பு செய்து புது ஓடு பதிக்க 1,35,000. சீலிங்கில் பெயர்ந்த இடங்களில் கம்பியைச் சுத்தம் செய்து மறுபூச்சு செய்ய 1,10,000. கீழ்ச்சுவர்களில் நாலடி உயரம் வரை பூச்சைச் செதுக்கி மீண்டும் பூசி வண்ணம் அடிக்க 1,05,000. மின்வயரிங்கை மாற்றிச் சுவிட்ச் போர்டுகளை உயர்த்த 55,000. கதவு, ஜன்னல் 30,000. மொத்தம் 4,35,000. அதில் 35,000 கையிலிருந்து போட முடியும் என்றார். ஆக, கேட்பது 4 லட்சம்.

இது வீட்டு மதிப்புக்குள் அடங்குமா என்று பார்க்க வேண்டும். பழைய பாக்கியும் புதுக் கடனும் சேர்ந்து 16,90,660. வங்கியின் மதிப்பீட்டாளர் வீட்டை 24 லட்சம் என்று போட்டால் இது சுமார் 70 சதவீதம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். ஆனால் டாப்-அப்புக்குப் பல வங்கிகள் அதற்குக் கீழேயே நிறுத்திக்கொள்ளும். 75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 24 லட்சத்துக்கு எல்லை 18 லட்சம், தாராளமாக அடங்கும். அதே வீட்டை 21 லட்சம் என்று போட்டுவிட்டால் எல்லை 15,75,000. பாக்கியைக் கழித்தால் கிடைக்கக்கூடியது 2,84,340 மட்டும்.

மதிப்பு குறைய நம் பக்கம் ஒரு பொதுவான காரணம், அனுமதி வாங்காமல் மாடியில் எழுப்பிய அறை. மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார். சில சமயம் 'விதிமீறல்' என்று அறிக்கையில் குறிப்பும் போட்டுவிடுவார். அப்படி ஓர் அறை இருந்தால், அனுமதி வரைபடத்தை எடுத்துக்கொண்டு முதலிலேயே மேனேஜரிடம் பேசிவிடுங்கள்.

அடுத்து மாதத் தவணை. டாப்-அப் வட்டி வீட்டுக் கடன் வட்டியை விடக் கொஞ்சம் கூட இருக்கும், தனிநபர் கடனை விட நன்றாகக் குறையும். 9.5 சதவீதம் என்று வைத்தால் 4 லட்சத்துக்கு 10 வருஷத்தில் மாதம் சுமார் 5,176. மொத்த வட்டி ஏறத்தாழ 2,21,000. 7 வருஷம் என்றால் மாதம் 6,538, வட்டி 1,49,000 அளவில். தம்பியின் கைச்சம்பளம் 48,000. வீட்டுக் கடன், பைக், 7 வருஷ டாப்-அப் மூன்றும் சேர்ந்தால் 22,755, அதாவது சம்பளத்தில் 47 சதவீதம். 10 வருஷம் என்றால் 45-க்குக் கீழே. 10 வருஷமே போகட்டும் என்றேன். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. போனஸ் வரும்போது அசலில் போட்டுக்கொள்ளலாம். இறுக்கிக் கட்டி டிசம்பரில் மறுபடி ஒன்று திரும்புவதைவிட இது மேல்.

கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. தமிழிலேயே எழுதினோம். எண்கள் மட்டும் ஸ்டேட்மென்ட்டில் இருப்பதுபோல் ஒரு ரூபாய் கூட மாறாமல்.

> பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்
> பொருள்: வீட்டுக் கடன் கணக்கு எண் ………… – பழுதுபார்ப்புக்காக ரூ. 4,00,000 டாப்-அப் கடன் கோருதல்
>
> ஐயா,
> மேற்கண்ட கணக்கில் ரூ. 15,00,000 வீட்டுக் கடன் பெற்று, 2019 ஏப்ரல் முதல் மாதம் ரூ. 13,017 செலுத்தி வருகிறேன். 31.3.2025 வரை 69 தவணைகளாக ரூ. 8,98,173 செலுத்தியுள்ளேன். இதில் அசலுக்கு ரூ. 2,09,340 சென்றுள்ளது. நிலுவை ரூ. 12,90,660.
>
> 2020 மார்ச், ஏப்ரல், மே ஆகிய மூன்று மாதங்கள் ரிசர்வ் வங்கி அறிவித்த தவணைத் தள்ளிவைப்பின் கீழ் வருபவை. 2024 டிசம்பர் தவணை வெள்ளத்தால் சம்பளம் தாமதமானதால் 5-ஆம் தேதி திரும்பியது. 19-ஆம் தேதி உரிய கட்டணத்துடன் செலுத்தினேன். இவை தவிர வேறு தாமதம் இல்லை.
>
> கடல் உப்புக்காற்றால் கூரைக் கம்பிகள் துருப்பிடித்தும், 2024 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்ச்சுவர்களும் மின்வயரிங்கும் சேதமடைந்தும் உள்ளன. பொறியாளர் மதிப்பீடு ரூ. 4,35,000. இதில் ரூ. 35,000 நான் போடுகிறேன். மீதி ரூ. 4,00,000-ஐ 120 மாதத் தவணைக் கடனாக வேண்டுகிறேன். மாதச் சம்பளம் (கையில்) ரூ. 48,000, வேறு கடன் இருசக்கர வாகனக் கடன் மட்டுமே, மாதத் தவணை ரூ. 3,200.
>
> இணைப்பு: கடன் ஸ்டேட்மென்ட், எஸ்டிமேட், சேதப் படங்கள், சம்பளச் சீட்டு 3, வீட்டு வரி ரசீது.

டிசம்பர் வரியைச் சேர்க்கத் தம்பிக்கு மனசே இல்லை. "நாமே போய்க் குத்தம் ஒத்துக்கிற மாதிரி இருக்கு சார்." அப்படி இல்லை. திரும்பியதும் கட்டியதும் திரையில் இருக்கின்றன, காரணம் மட்டும்தான் இல்லை. தென்பெண்ணை வெள்ளம் கிளையில் இருப்பவர்களுக்கும் தெரிந்த விஷயம். 'திரும்பியது' என்ற பதிவுக்குப் பக்கத்தில் காரணமும் கட்டிய தேதியும் இருந்தால் கேள்வி அதோடு முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: தாமதம் 30 நாளைத் தாண்டியிருந்தாலோ, கடந்த ஒரு வருஷத்தில் மூன்று நான்கு முறை திரும்பியிருந்தாலோ, கடிதத்தில் எழுதும் எந்த வரியும் காப்பாற்றாது. ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டுக் கேட்பதுதான் வழி.

கொடுத்த பிறகு

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் மதிப்பீட்டாளர் வருவார். அவர் வரும் வரை சீலிங்கைப் பூசி மறைக்க வேண்டாம். வில்லங்கச் சான்றைப் புதிதாகக் கேட்பார்கள். பத்திரம் ஏற்கெனவே வங்கியில் இருந்தாலும், கூடுதல் தொகைக்கு மீண்டும் எம்.ஓ.டி. பதிவு, அதாவது பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்கான பதிவு, தேவைப்படலாம். முத்திரை, பதிவுக் கட்டணம், செயலாக்கக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் கைக்காசு. தமிழ்நாட்டு விகிதம் வேறு, புதுச்சேரி விகிதம் வேறு என்பதால் வீடு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தச் சார்பதிவாளர் அலுவலகத்துக் கணக்கைக் கேளுங்கள்.

கையெழுத்துக்கு முன்னால் முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் தர வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து இது கட்டாயம். அதில் வட்டியோடு எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதம் இருக்கும், அதைப் பாருங்கள். தம்பியின் தாளில் 11,000 சொச்சம் ரூபாய்க்கு ஒரு காப்பீடு தானாகவே ஏறியிருந்தது. "இது கட்டாயமா?" என்று கேட்டதும், "வேண்டாமென்றால் எழுதிக் கொடுங்க" என்றார்கள். எழுதிக் கொடுத்தார், எடுத்துவிட்டார்கள். காப்பீடு தேவைப்படுபவர் எடுத்துக்கொள்ளலாம். நம்மைக் கேட்காமல் சேர்த்ததைத்தான் சொல்கிறேன்.

பணம் வந்ததும் கடைப் பில்களையும் மேஸ்திரிக்குக் கொடுத்த கூலிக்கான ரசீதுகளையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். வங்கி கேட்கலாம். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு, சொந்தக் குடியிருப்பின் பழுதுபார்ப்புக் கடன் வட்டியில் வருஷத்துக்கு 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு. அதற்கும் இவைதான் ஆதாரம். வேலையை ஐப்பசிக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதால் ஏப்ரல், மே மாதத்திலேயே விண்ணப்பம் போய்விடுவது நல்லது. ஆவணியில் கேட்டால் தட்டோடு எடுத்த மாடியின் மேல் வடகிழக்குப் பருவமழை கொட்டும்.

டாப்-அப் பெரும்பாலும் தனிக் கடன் கணக்காகத் திறக்கப்படும். தவணைத் தேதியும் தனி, கணக்கிலிருந்து பிடிக்கும் உத்தரவும் தனி. தம்பிக்கு வங்கி போட்டிருந்தது மாதம் 1-ஆம் தேதி. அவருக்குச் சம்பளம் வருவது 3-ஆம் தேதி. கையெழுத்துப் போடும் இடத்திலேயே 5-க்கு மாற்றச் சொன்னோம், மாற்றிக் கொடுத்தார்கள்.